36,000 ரூபாயா, 6 லட்சமா? கணவரின் வருமானம் தகராறாகும்போது இடைக்கால ஜீவனாம்சம் தீர்மானிக்கப்படும் விதம்

இடைக்கால ஜீவனாம்ச மனுவில் மனைவி சொல்லும் வருமானத்துக்கும் கணவர் ஒப்புக்கொள்ளும் வருமானத்துக்கும் இடையே பத்து மடங்கு, பதினைந்து மடங்கு வித்தியாசம் இருப்பது சென்னைக் குடும்ப நல நீதிமன்றங்களில் புதிதல்ல. கணவர் மாதச் சம்பளக்காரராக இருந்தால் படிவம் 16-ம் சம்பளச் சீட்டும் அந்தச் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடும். சொந்தத் தொழில் செய்பவராக இருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யாமல், காகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இருவருமே முழுதாக நம்பமுடியாத கணக்கைச் சொல்லும் நிலையில் நீதிபதி ஒரு தொகைக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பதை ஒரு வழக்கின் வழியே பார்க்கலாம். இது ஒரே கோப்பிலிருந்து எடுத்த வழக்கல்ல. இத்தகைய மனுக்களில் வழக்கமாக எழும் நிலைமைகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி வழக்கு. குறிப்பிடப்படும் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் மட்டும் உள்ளபடியே உள்ளவை.

கணவர் வேளச்சேரியில் ஏ.சி. இயந்திரங்களைப் பொருத்திப் பராமரிக்கும் தொழில் நடத்துகிறார். அடுக்குமாடிக் குடியிருப்புகளுடனும் சிறு அலுவலகங்களுடனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுதான் அவருடைய முக்கிய வருவாய். மனைவி பி.காம். படித்தவர்; திருமணத்துக்கு முன் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6 வயது. 2024 ஜூனில் மனைவி குழந்தைகளோடு வெளியேறி, பெற்றோர் வீட்டுக்கு அருகில் கொளத்தூரில் 13,000 ரூபாய் வாடகையில் குடியேறினார். கணவர் பெருங்குடியில் தவணையில் வாங்கிய சொந்தக் குடியிருப்பிலேயே இருந்தார். விவாகரத்து கேட்டுக் கணவர்தான் முதலில் நீதிமன்றம் போனார். அந்த மனுவுக்குள்ளேயே 2024 செப்டம்பரில் மனைவி இடைக்கால மனு தாக்கல் செய்து, தனக்கும் குழந்தைகளுக்குமாக மாதம் 2,50,000 ரூபாய் கேட்டார்.

அந்த மனு இந்து திருமணச் சட்டத்தின் 24, 26 ஆகிய இரு பிரிவுகளின் கீழும் போடப்பட்டது. 24ஆவது பிரிவு, தன்னைத் தாங்கிக்கொள்ளப் போதிய வருமானம் இல்லாத கணவனுக்கோ மனைவிக்கோ வழக்கு நடக்கும் காலத்துக்கான பராமரிப்பையும் வழக்குச் செலவையும் தருகிறது. அதன் வாசகத்தில் குழந்தைகளைப் பற்றிப் பேச்சில்லை. மனைவியோடு இருக்கும் மணமாகாத மகளின் பராமரிப்பும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று 1997இல் ஜஸ்பீர் கவுர் செகல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் குழந்தைகளுக்கென்றே உள்ள 26ஆவது பிரிவையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், ‘மனைவிக்குத் தகுதியில்லை, அதனால் மனுவே தள்ளுபடி’ என்ற வாதத்துக்கு இடமிருக்காது. இந்த மனைவி அதற்கு இணையாக, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் ஒரு மனு போட்டிருந்தார். அங்கே தொடக்க நிலையில், கணவர் ஒப்புக்கொண்ட வருமானத்தை மட்டும் வைத்து, மாதம் 12,000 ரூபாய் இடைக்கால உத்தரவு கிடைத்திருந்தது. அதை அவர் குடும்ப நல நீதிமன்றத்தில் மறைக்காமல் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பியிருக்கும்.

இனி வருமானத்துக்கு வருவோம். இத்தகைய மனுக்களின் போக்கை மாற்றியது 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் அளித்த தீர்ப்பு. மனைவி தேவையைக் கூட்டிச் சொல்வதும் கணவர் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் பொதுவான போக்காகவே ஆகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பே குறிப்பிட்டு, இருவருமே சொத்து, கடன், வருமானம் ஆகியவற்றின் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று படிவத்தையும் வகுத்துக் கொடுத்தது. வருமான வரிக் கணக்குகளில் திருமணத்துக்கு ஓராண்டு முந்தையது, பிரிவதற்கு ஓராண்டு முந்தையது, மனு போடும்போது உள்ளது என மூன்று காலத்தையும் அந்தப் படிவம் கேட்கிறது. எல்லா வங்கிக் கணக்குகளின் கடந்த மூன்றாண்டு வரவு செலவு விவரத்தையும் கேட்கிறது. இந்த மூன்று காலப் புள்ளிகளின் பயன் பலருக்கும் உடனே புரிவதில்லை. தகராறு தொடங்கிய பிறகு காட்டப்படும் வருமானத்தை, தகராறு இல்லாத காலத்து வருமானத்தோடு ஒப்பிடுவதற்கான அளவுகோல் அதிலேயே இருக்கிறது.

எதிருரையும் பிரமாணப் பத்திரமும் அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் வர வேண்டும், அதற்கு இரண்டு வாய்ப்புகளுக்கு மேல் தரக்கூடாது, வேண்டுமென்றே இழுத்தடித்தால் எதிர்வாதத்தையே நீக்கிவிடலாம் என்பதும் அதே தீர்ப்பின் வழிகாட்டுதல். நடைமுறையில் கால அவகாசம் இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை. இந்த வழக்கில் கணவரின் பத்திரம் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. எதிர்வாதத்தை நீக்கக் கோரி மனைவி தரப்பு மனு போட்ட பிறகே, ‘இது கடைசி வாய்ப்பு’ என்ற உத்தரவின் பேரில் வந்தது. வந்ததிலும் ஒரே ஒரு சேமிப்புக் கணக்குத்தான் காட்டப்பட்டிருந்தது. நடப்புக் கணக்கும் ஓவர்டிராஃப்ட் கணக்கும் இல்லை. அவற்றின் விவரங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆவது கட்டளையின் கீழ் இன்னொரு மனு போட்டுத்தான் அவற்றைப் பெற முடிந்தது. (கணவரின் வரிக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அது மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தின் வழியே கேட்பதுதான் நேர்வழி.)

கணவர் சொன்ன வருமானம் மாதம் 36,000 ரூபாய். ஆதாரம், 2023-24 நிதியாண்டுக்கு அவர் தாக்கல் செய்த ஐ.டி.ஆர்.-4 படிவம். அதில் ஆண்டு விற்றுமுதல் 72,00,000 ரூபாய், வருமானம் 4,32,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் மாதம் சரியாக 36,000 வருகிறது. ‘அரசாங்கமே ஏற்றுக்கொண்ட கணக்கு இது, இதைச் சந்தேகிக்க என்ன இருக்கிறது?’ என்பது அவருடைய வக்கீலின் வாதம்.

சந்தேகிக்க நிறையவே இருக்கிறது. அந்த 4,32,000 என்பது வரவு செலவு பார்த்துக் கண்டறிந்த லாபமே அல்ல. 72 லட்சத்தில் 6 சதவீதம், அவ்வளவுதான். அந்த நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, சிறு தொழில் செய்பவர்கள் கணக்குப் புத்தகம் எழுதும் சிரமம் இல்லாமல், வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த வரவில் 6 சதவீதத்தையும் மற்ற வரவில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டி வரி கட்டலாம் என்று அனுமதிக்கிறது. உண்மையான லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் அதிகத்தைக் காட்டவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது; காட்டுபவர்கள் அரிது. எனவே அந்தப் படிவம் கணவரின் விற்றுமுதலுக்கு நல்ல சாட்சி, அவருடைய வருமானத்துக்கு மிகப் பலவீனமான சாட்சி. வரிக் கணக்கு முடிவான சான்று ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகரும் வாதங்களைவிட, அந்த எண் எந்தப் பெருக்கலில் பிறந்தது என்று காட்டும் இரண்டு வரி வாதம் நீதிபதியிடம் நன்றாக எடுபடும்.

மனைவி தரப்பின் எண்ணிக்கையும் இதே அளவுக்குக் கோளாறானது. நடப்புக் கணக்கில் ஆண்டுக்கு 72 லட்சம் வரவாகியிருக்கிறது, ஆகவே கணவரின் மாத வருமானம் 6 லட்சம் என்பது அவர்களுடைய வாதம். உதிரிப்பாகங்கள், செம்புக் குழாய், வாயு, ஐந்து தொழிலாளர்களின் கூலி, கடை வாடகை, ஜி.எஸ்.டி. எல்லாம் அந்தப் பணத்திலிருந்துதான் போயாக வேண்டும் என்பது தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரியாததல்ல. கூடுதலாகக் கேட்டால் குறைத்தாவது கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் இப்படி எழுதப்படுகிறது. ஆனால் விற்றுமுதலை வருமானம் என்று எழுதிய மனுவில் உள்ள மற்ற விவரங்களையும் நீதிபதி ஐயத்தோடுதான் படிப்பார் என்பது என் அனுபவம்.

ஆக, ஒன்று அடிமட்டத்துக்கும் கீழே, இன்னொன்று உச்சிக்கும் மேலே. நடுவில் உள்ள எண்ணை வருமானப் பக்கத்திலிருந்து கண்டுபிடிக்க முழு விசாரணை வேண்டும். இடைக்கால மனுவில் அதற்கு நேரமில்லை; மனு அறிவிப்பு சார்வான, அதாவது எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்த, நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்கப்பட வேண்டும் என்று 24ஆவது பிரிவே சொல்கிறது. அதனால் நீதிபதி செலவுப் பக்கத்திலிருந்து வந்தார். பிரிவதற்கு முந்தைய 12 மாதங்களில், நீதிமன்றம் என்ற எண்ணமே இல்லாதிருந்த காலத்தில், இந்தக் குடும்பத்துக்காகவும் தனக்காகவும் கணவர் மாதம் எவ்வளவு செலவழித்தார் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

மூன்று கணக்குகளின் விவரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. வீட்டுக் கடன் தவணை 26,000 ரூபாய், கார் கடன் தவணை 13,500, ஆண்டுக்கு 1,62,000 ஆகும் இரு குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தில் மாதப் பங்கு 13,500, கிரெடிட் கார்டு பில் சராசரியாக 24,000, வீட்டுச் செலவுக்கென்று மனைவிக்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பியது 18,000, காப்பீட்டுத் தவணை 5,000. கூட்டினால் மாதம் 1,00,000 ரூபாய். வருமானம் 36,000 என்று சத்தியம் செய்திருப்பவர், இரண்டு கடன் தவணைக்கு மட்டும் அதைவிட அதிகமாக, 39,500 ரூபாயைத் தவறாமல் கட்டியிருக்கிறார்.

இந்தக் கணக்குக்குக் கணவர் தரப்பு சொன்ன விளக்கங்களில் இரண்டு நியாயமானவை. நீதிபதி அவற்றை ஏற்றார். கிரெடிட் கார்டு செலவில் சுமார் 10,000 ரூபாய் கடைக்கு வாங்கிய பொருட்களுக்கானது என்பது ரசீதுகளில் தெரிந்தது. அதைக் கழித்தால் 90,000. ‘கடன் வாங்கித்தான் குடும்பம் நடத்தினேன்’ என்ற வாதத்துக்கு ஓவர்டிராஃப்ட் கணக்கு விடை சொன்னது: அந்த 12 மாதத்தில் கடன் நிலுவை 24,000 ரூபாய் கூடியிருந்தது, அதாவது மாதம் 2,000. அதையும் கழித்தால் 88,000. மீதியும் நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வங்கிக் கணக்கில் அப்படி வந்த வரவும் இல்லை. தன் வருமானம் ஒருவருக்கே தெரிந்த உண்மை என்பதால் அதை மெய்ப்பிக்கும் சுமையும் அவருக்கே. இந்திய சாட்சியச் சட்டத்தின் 106ஆவது பிரிவில் இருந்த இந்த விதி இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 109ஆவது பிரிவில் இருக்கிறது. நீதிபதி இன்னொரு கோணத்திலும் சரிபார்த்தார். மாதம் 88,000 என்றால் ஆண்டுக்கு 10,56,000; 72 லட்சம் விற்றுமுதலில் 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கூலியும் பொருளும் போக இந்தத் தொழிலில் மிஞ்ச முடியாத தொகை அல்ல அது. முதல் தோற்றத்தில் கணவரின் வருமானம் மாதம் 88,000 ரூபாய் என்று உத்தரவு சொன்னது இப்படித்தான்.

செலவைக் கொண்டு வருமானத்தை ஊகிக்கும் இந்த முறைக்கு வரம்பும் உண்டு. கணக்குகளுக்கிடையே மாற்றிய பணத்தை இரண்டு முறை எண்ணிவிடும் தவறு அடிக்கடி நேர்கிறது: சேமிப்புக் கணக்கிலிருந்து கார்டு பில்லுக்குக் கட்டியதையும், அதே கார்டில் கட்டிய காப்பீட்டையும் தனித்தனியே கூட்டினால் எண் வீங்கிவிடும். வங்கிக்கு வராத ரொக்கத்தை இந்த முறையால் பிடிக்கவும் முடியாது. கோயம்பேடு சந்தையில் ரொக்கத்திலேயே வியாபாரம் செய்பவரிடம் இந்தக் கணக்கு வெறும் அடிமட்டத்தைத்தான் காட்டும். முழு விவரம் வராத இடத்தில் நீதிமன்றம் ஓரளவு ஊகித்துத்தான் ஆக வேண்டும் என்று ஜஸ்பீர் கவுர் செகல் தீர்ப்பு சொன்னதன் பொருள், ஊகத்துக்கு ஒரு பிடிமானம் இருக்க வேண்டும் என்பதுதான்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கணவர் கதையை மாற்றினார். 2024 அக்டோபரில் அவருக்கு அறிவிப்பு சார்வாயிற்று. நவம்பரில் அவர் தன் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்தார். டிசம்பரில் அவருடைய அண்ணன் பெயரில் புதிய பதிவு வந்தது. கூடுதல் எதிருரையில், தொழில் நொடித்துவிட்டது, இப்போது அண்ணனிடம் 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறேன் என்றார். அண்ணன் கையெழுத்திட்ட சம்பளச் சான்றும் இணைக்கப்பட்டிருந்தது. அந்த அண்ணன் அதுவரை ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர்.

இதை உடைக்கப் பெரிய துப்பறிதல் எதுவும் தேவைப்படவில்லை. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பதிவான தேதி, ரத்தான தேதி, தொழில் நடக்கும் முகவரி ஆகியவற்றைப் பார்க்கலாம். பழைய பதிவுக்கும் புதிய பதிவுக்கும் கடை முகவரி ஒன்றே. பெயர்ப் பலகையும் மாறவில்லை, கைப்பேசி எண்ணும் மாறவில்லை. தரமணியில் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குக் கணவர் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியும் தாக்கலாயிற்று: ‘சார், இனிமே ஏ.எம்.சி. பணத்த இந்தப் புது அக்கவுண்ட்டுக்குப் போட்ருங்க. கம்பெனி அதேதான், நான்தான் வருவேன், அண்ணன் பேருக்கு மாத்திருக்கோம், அவ்ளோதான்.’ இதற்கு முறையான மின்னணுச் சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபணை எழுந்தது. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984இன் 14ஆவது பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா இல்லையா என்று பாராமல், தகராறைத் தீர்க்க உதவும் ஆவணத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது, ஆட்சேபணை நிற்கவில்லை. ஆனாலும் அந்தச் சான்றிதழைச் சேர்த்தே தாக்கல் செய்வது நல்லது. முழு விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் இதே ஆவணத்தை மறுபடியும் நம்ப வேண்டியிருக்கும்.

இதோடு இன்னொன்றும் வெளிவந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களில் 3,20,000 ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்து, முழுவதையும் அண்ணன் கணக்குக்கு மாற்றியிருந்தார். பழைய கடனைத் திருப்பித் தந்தேன் என்றார். அந்தக் கடன் வந்த நாளோ வரவோ எந்தக் கணக்கிலும் இல்லை. நீதிபதி இந்த மாற்றங்களை மோசடி என்று தீர்ப்பாகச் சொல்லவில்லை, இந்தக் கட்டத்தில் சொல்லவும் கூடாது. அறிவிப்புக்குப் பின் நடந்த மாற்றத்தை வைத்து வருமானத்தைக் குறைத்துப் பார்க்க மறுத்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

உண்மையிலேயே தொழில் படுத்துவிட்டவரும், வேலை போனவரும் இதே நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். அவர்களை இவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது காலவரிசைதான். வழக்குக்கு முன்பே விற்றுமுதல் காலாண்டுக்குக் காலாண்டு இறங்கியிருக்கும், தவணைகள் தவறியிருக்கும், சம்பளக்காரரானால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வரவு நின்றிருக்கும், வேலை தேடி அனுப்பிய கடிதங்கள் இருக்கும். அத்தகையவருக்குத் தொகை குறைக்கப்படும், ஆனால் பூச்சியம் ஆகாது. உடல் நலமுள்ள கணவர் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்பதை ஷமீமா ஃபரூக்கி வழக்கிலும், பின்னர் 2022இல் அஞ்சு கார்க் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது.

மனைவியின் பிரமாணப் பத்திரத்திலும் ஓட்டை இருந்தது. தனக்கு வருமானமே இல்லை என்று எழுதியிருந்தார். கொளத்தூர் வீட்டில் அவர் மாலையில் கணக்குப் பாடம் சொல்லித் தருவதையும், பெற்றோர்கள் யு.பி.ஐ.யில் கட்டணம் அனுப்பியதையும் கணவர் தரப்பு காட்டியது. மாதம் ஏறத்தாழ 6,000 ரூபாய். உண்மையை மறைத்தவருக்கு நிவாரணமே தரக்கூடாது என்று கணவரின் வக்கீல் வாதித்தார். பொய்யான பிரமாணத்துக்குக் குற்ற நடவடிக்கை எடுக்கும் வழி இரு தரப்புக்கும் எதிராகத் திறந்தே இருக்கிறது என்று நீதிபதி எச்சரித்தார். ஆனால் மனுவைத் தள்ளவில்லை. 6,000 ரூபாயைக் கணக்கில் கழித்துக்கொண்டார். பி.காம். படித்தவர் வேலைக்குப் போகலாமே என்ற வாதத்துக்கு, சம்பாதிக்கக்கூடிய தகுதி வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு என்ற ஷைலஜா எதிர் கோபன்னா தீர்ப்பு பதிலாக அமைந்தது. பத்தாண்டுக்கு மேல் வேலையை விட்டிருந்தவருக்கு, சின்னக் குழந்தை ஒன்றும் கையில் இருக்கும்போது, நாளைக்கே வேலை கிடைத்துவிடும் என்று வைத்துக் கணக்குப் போட முடியாது.

இத்தனைக்கும் பிறகுதான் தொகை. இங்கே எல்லோரும் முதலில் கேட்பது 25 சதவீதத்தைப் பற்றி. 1970இல் குல்பூஷண் குமார் வழக்கிலும் 2017இல் கல்யாண் டே சவுத்ரி வழக்கிலும், கணவரின் நிகர வருமானத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது அந்தந்த வழக்கின் நிலைமையில் சொன்னது. எல்லா வழக்குக்கும் பூட்டிவைத்த சூத்திரமல்ல. குழந்தைகள் இருக்கும்போது அந்த எண் மட்டும் போதவும் செய்யாது. 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் அனுரீதா வோரா வழக்கில் வேறொரு வழி காட்டியது: குடும்ப வருமானத்தைப் பங்குகளாகப் பிரித்து, சம்பாதிப்பவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. சென்னை நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும் ஒத்துப் பார்க்க உதவும். இந்தக் குடும்பத்தில் ஐந்து பங்கு. 88,000ஐப் பிரித்தால் பங்குக்கு 17,600. மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் சேர்த்து 52,800. தன் தாயும் தன்னைச் சார்ந்தவர் என்று சொல்லிக் கணவர் இன்னொரு பங்கு கேட்டார். தாய்க்குக் குடும்ப ஓய்வூதியம் வருவது தெரிந்ததால் அது ஏற்கப்படவில்லை.

தேவைப் பக்கத்தில் மனைவி மெய்ப்பித்தது எவ்வளவு? வாடகை 13,000, மளிகை, மின்சாரம் உள்ளிட்ட வீட்டுச் செலவு 15,000, பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 13,500, பள்ளி வேன் 3,000, மருத்துவம் 2,000. மொத்தம் 46,500, டியூஷன் வருமானம் போக 40,500. கேட்ட இரண்டரை லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பற்றி உத்தரவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தேவை 40,500, பங்குக் கணக்கில் உச்ச அளவு 52,800. விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அமைய முடியும்.

கடன் தவணைகளைக் கழித்த பிறகே வருமானத்தைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் கணவர் தரப்பு கடைசிவரை நின்றது. வருமான வரி, கட்டாய வைப்பு நிதி போன்ற சட்டப்படியான பிடித்தங்கள் கழிபடும். தானாக விரும்பி ஏற்ற தவணைகள் அப்படிக் கழிபடுவதில்லை. வீட்டுக் கடன் அவர் பெயரில் சொத்தைச் சேர்க்கிறது, அந்த வீட்டில் குடியிருப்பவரும் அவரே. அந்த வீட்டில் மனைவியும் குழந்தைகளும் இருந்திருந்தால் 26,000 ரூபாய்த் தவணை அவர்களுடைய இருப்பிடச் செலவாகவே எண்ணப்பட்டு, வாடகைத் தொகை உத்தரவிலிருந்து விடுபட்டிருக்கும். கார் கடனைப் பொறுத்தவரை, தொழிலுக்குத் தனி வேன் இருக்கும்போது கார் ஒரு வசதிதான், குழந்தைகளின் சாப்பாட்டுக்கு முன்னால் அது வர முடியாது என்றார் நீதிபதி.

2025 ஜூலையில் வந்த உத்தரவு இது. மனைவிக்கு மாதம் 15,000, குழந்தைகளுக்குத் தலா 7,500, ஆக 30,000 ரூபாய். பள்ளிக் கட்டணத்தைப் பருவந்தோறும் கணவரே பள்ளிக்கு நேராகக் கட்ட வேண்டும். வழக்குச் செலவுக்கு ஒருமுறை 20,000. பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கையும் சேர்த்தால் கணவரின் சுமை 43,500. கண்டறிந்த வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கட்டணத்தைத் தனியே பிரித்து நேரடியாகச் செலுத்த வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: ‘குழந்தைகளுக்குக் கொடுத்த பணத்தை அவள் வேறு செலவு செய்கிறாள்’ என்ற புகாருக்கு இடமில்லாமல் போகிறது, கட்டணம் ஏறும்போது புதிய மனு போட வேண்டிய அவசியமும் இல்லை.

தொகை மனு தாக்கலான நாளிலிருந்து கிடைக்க வேண்டும் என்பதையும் ரஜ்னேஷ் தீர்ப்பு ஒரே சீராக்கிவிட்டது. 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூன் வரை பத்து மாதத்துக்கு 3,00,000 ரூபாய் நிலுவை. மாஜிஸ்திரேட் உத்தரவின்படி நான்கு மாதம் கட்டிய 48,000 கழிக்கப்பட்டு, மீதி 2,52,000 ரூபாயை மூன்று தவணையில், தவணைக்கு 84,000 வீதம் செலுத்த வேண்டும் என்றாயிற்று. அதற்கு எங்கே போவேன் என்று கணவர் கேட்டதற்கு, அண்ணனுக்கு மாற்றிய 3,20,000 ரூபாயை உத்தரவு சுட்டிக்காட்டியது. இனி வரும் மாதங்களிலும் 12,000 ரூபாய் இந்த 30,000க்குள் அடங்கியதே. இரண்டையும் தனித்தனியே வசூலிக்க முடியாது.

கணவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 227ஆவது உறுப்பின் கீழ் சிவில் சீராய்வு மனு தாக்கல் செய்தார். இடைக்கால உத்தரவுக்கு எதிராகக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் மேல்முறையீடு கிடையாது என்பதால் இருந்த வழி அதுதான். அந்த அதிகாரத்தில் உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடுவதில்லை. கீழே வந்த முடிவுக்கு ஆதாரம் இருந்ததா என்று மட்டுமே பார்க்கும். நிலுவையில் பாதியைக் கட்டினால்தான் உத்தரவுக்குத் தடை என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. கணவர் 1,26,000 ரூபாயைக் கட்டினார். கட்டாமல் இருந்திருந்தால், விவாகரத்து கேட்டவரே அவர் என்பதால், அவருடைய அந்த மனுவை நகரவிடாமல் நிறுத்திவைக்கும்படி மனைவி கேட்டிருக்கலாம். அதோடு பணத் தீர்ப்பைப் போல நிறைவேற்று மனு போட்டு, நடப்புக் கணக்கை முடக்கக் கோரியிருக்கலாம்.

சீராய்வு மனு இறுதி விசாரணைக்கு வந்தபோது 88,000 என்ற எண்ணைக் கணவர் தரப்பால் எந்த ஆவணத்தைக் கொண்டும் அசைக்க முடியவில்லை. மனு தள்ளுபடியானது. அந்த எண் இடைக்காலத்துக்கு மட்டுமே உரியது என்று உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. நிரந்தர ஜீவனாம்சம் தீர்மானிக்கப்படும்போது அண்ணனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும், இரு பதிவுகளின் ஜி.எஸ்.டி. கணக்குகளையும் வரவழைக்கவும் மனைவிக்கு உரிமை உண்டு. தன் உண்மையான லாபம் இதைவிடக் குறைவு என்று கணக்குப் புத்தகங்களோடு நிரூபிக்கக் கணவருக்கும் அதே உரிமை உண்டு. மனைவி தரப்பு இப்போது கேட்டிருப்பது அண்ணன் பெயரிலுள்ள நடப்புக் கணக்கின் விவரத்தை.